a[::-1] எப்படித் திருப்புகிறது, எங்கே சறுக்குகிறது

பைத்தானில் ஒரு லிஸ்ட்டைப் பின்னிருந்து முன்னாக எடுக்க `a[::-1]` போதும். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் பாதையில் ஐந்து ஊர்களை வரிசையாக எழுதி, திரும்பும் பயணத்துக்குப் புரட்டிப் பார்ப்போம்.

```python
a = ["சென்னை", "விழுப்புரம்", "திருச்சி", "திண்டுக்கல்", "மதுரை"]
a[::-1]
# ['மதுரை', 'திண்டுக்கல்', 'திருச்சி', 'விழுப்புரம்', 'சென்னை']
```

எதிர்பார்த்தது வந்துவிட்டது, மூல லிஸ்ட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் தொடக்கமும் முடிவும் காலியாக இருக்கும்போது பைத்தான் அங்கே எதைப் போட்டுக்கொள்கிறது? `a[::1]` என்றால் 0 முதல் 5 வரை என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதையே வைத்து `a[0:5:-1]` என்று எழுதிப் பார்த்தால் காலி லிஸ்ட்தான் வரும். ஆகவே காலி இடத்துக்கு எப்போதும் ஒரே மதிப்பு கிடையாது. ஸ்டெப் எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பொறுத்து அது மாறுகிறது. என்ன மதிப்பு என்று பைத்தானிடமே கேட்கலாம்.

```python
slice(None, None, -1).indices(5)   # (4, -1, -1)
```

தொடக்கம் 4, அதாவது கடைசி ஊர். முடிவு -1. ஸ்லைசில் முடிவு எண் எப்போதும் சேராது என்பதால், 4, 3, 2, 1, 0 என்று இறங்கி, 0-க்கு முந்தைய இடத்தைத் தொடும்போது நடை நிற்கிறது. முடிவு 0 என்று இருந்தால் சென்னை விடுபட்டுப் போகும். `a[4:0:-1]` போட்டால் நான்கு ஊர்கள்தான் வருவதற்குக் காரணம் இதுதான்.

சரி, முடிவு -1 என்று தெரிந்துவிட்டதே, அதை நாமே எழுதினால்? `a[4:-1:-1]` காலி லிஸ்ட்டைத் தருகிறது. நாம் கையால் எழுதும் குறை எண்ணோடு பைத்தான் முதலில் நீளத்தைக் கூட்டும். -1 + 5 = 4. அப்போது 4-இல் தொடங்கி 4-இலேயே முடிகிறது, எடுக்க ஒன்றுமில்லை. `indices` காட்டிய -1 கணக்கெல்லாம் முடிந்தபின் கிடைத்த எண். அதை மறுபடி ஸ்லைசுக்குள் போட்டால் இன்னொரு முறை கணக்குப் போடப்படும். முழுவதும் வேண்டுமென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், அல்லது `None` எழுதுங்கள்.

இது நிஜ நிரலில் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. `i`-ஆம் இடத்திலிருந்து பின்னோக்கி `k` உறுப்புகள் தேவை என்று `a[i:i-k:-1]` எழுதுகிறோம். `i` 3, `k` 3 என்றால் `a[3:0:-1]`: திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம். சரிதான். `i` 2 ஆனதும் அது `a[2:-1:-1]` ஆகிறது. -1 மறுபடி 4 ஆகிவிட, 2-இலிருந்து கீழே இறங்கி 4-ஐ அடைய வழியில்லை, விடை காலி. வந்திருக்க வேண்டியவை திருச்சி, விழுப்புரம், சென்னை. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம். லிஸ்ட்டின் தொடக்கத்தைத் தொடும்போது மட்டும் தப்பு நடக்கிறது, மற்ற நேரமெல்லாம் நன்றாக ஓடுகிறது. முன்னோக்கி வெட்டி எடுத்து அப்புறம் திருப்புவதே நல்லது என்பேன்.

```python
a[i-k+1:i+1][::-1]
```

படிப்பதற்கும் இதுவே எளிது. `k` அளவுக்கு உறுப்புகள் உண்மையிலேயே பின்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விடையைச் சரிபார்க்க `a[::-1] == list(reversed(a))` என்று ஒப்பிடலாம். ஆனால் எந்த லிஸ்ட்டை வைத்துப் பார்க்கிறோம் என்பது முக்கியம். `[1, 2, 1]` போன்றது திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் ஒன்றுதான், அதில் எந்தத் தவறும் வெளியே தெரியாது. எல்லா உறுப்புகளும் வெவ்வேறாக இருக்கட்டும். காலி லிஸ்ட், ஒற்றை உறுப்பு, இரட்டைப்படை நீளம், ஒற்றைப்படை நீளம் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். `a[::-2]` எழுதுகிறவர்களுக்கு நீளம் கட்டாயம் முக்கியம்: ஐந்து உறுப்பில் அது 4, 2, 0 இடங்களை எடுக்கும், ஆறு உறுப்பில் 5, 3, 1. முதல் உறுப்பு வருவதும் வராததும் நீளத்தைப் பொறுத்தது.

ஊர்ப் பெயர்களின் வரிசைதான் இங்கே திரும்பியது, பெயர்கள் அல்ல. ஒரு பெயரையே `"மதுரை"[::-1]` என்று திருப்பினால் எதிர்பார்த்தது வராது. பைத்தானுக்கு அது மூன்று எழுத்தல்ல, ஐந்து குறிகள்: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. திருப்பும்போது ஐகாரக் குறி சேர எழுத்தின்றி முதலில் தொங்கும், உகரக் குறி ர-வோடு ஒட்டி 'ரு' ஆகிவிடும். `["ம", "து", "ரை"]` என்று எழுத்தெழுத்தாகப் பிரித்து வைத்த லிஸ்ட்டைத் திருப்பினால் ரை, து, ம என்று ஒழுங்காக வரும்.