சமரசப் பேச்சின் முடிவில் எழுதும் அந்த ஒரு பக்கம்

சக ஊழியர்கள் இருவருக்கிடையே சமரசம் பேசி முடித்ததும் மத்தியஸ்தர் ஒரு பதிவு எழுதுவார். அது விசாரணை அறிக்கையும் அல்ல, கூட்டக் குறிப்பும் அல்ல. யார் என்ன செய்தார் என்பதற்கு அதில் இடமில்லை. நாளையிலிருந்து யார் எதை எப்போது செய்வார் என்பது மட்டும்தான் அதில் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பேசிச் சேர்ந்தவர்கள், இந்தத் தாளில் வரும் ஒரு வினைச்சொல்லால் மறுபடி முறைத்துக்கொள்வது உண்டு.

தமிழில் எழுதும்போது முதலில் கவனிக்க வேண்டிய சொல் ‘ஒப்புக்கொண்டார்’. ‘நேரத்துக்குக் கோப்பைத் தர ஒப்புக்கொண்டார்’ என்று மத்தியஸ்தர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுவார். படிப்பவருக்கோ ‘தவறை ஒப்புக்கொண்டார்’ என்ற வாடை அடிக்கும். ‘இருவரும் உடன்பட்டனர்’ என்று எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. ‘இனிமேல்’ என்பதும் அப்படித்தான்: ‘இனிமேல் மரியாதையாகப் பேசுவார்’ என்றால் இதுவரை பேசவில்லை என்று பொருள். ‘தவிர்ப்பார்’, ‘நிறுத்திக்கொள்வார்’, ‘மறுபடியும்’ எல்லாமே பழைய கதையை உள்ளே இழுத்து வருபவை. ஒருவர் பெயரோடு ‘அவர்கள்’ சேர்த்து, மற்றவர் பெயரை வெறுமனே விட்டாலும் தீர்ப்பு சொன்னதாகிவிடும். பதவி வித்தியாசம் இருந்தாலும் இந்தத் தாளில் இருவருக்கும் ஒரே விகுதி, ஒரே மரியாதை.

ஒரு மாதிரி வழக்கைப் பார்க்கலாம். சம்பளப் பிரிவில் ஒருவர் மாதாந்திரப் பட்டியலைத் தயாரிக்கிறார், இன்னொருவர் சரிபார்க்கிறார். பட்டியல் கடைசி நேரத்தில்தான் கைக்கு வருகிறது என்பது சரிபார்ப்பவரின் குறை. பிழை கண்டால் தன்னிடம் சொல்லாமல், மேலாளர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார் என்பது தயாரிப்பவரின் குறை. போன மாதம் எல்லோர் முன்னிலையிலும் குரல் உயர்ந்திருக்கிறது.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்: ‘தயாரிப்பவர் தாமதத்தைத் தவிர்ப்பார். சரிபார்ப்பவர் குழுவில் அவமானப்படுத்துவதை நிறுத்துவார். இருவரும் பரஸ்பர மரியாதையோடு நடந்துகொள்வர்.’ முதல் இரண்டு வரிகளும் குற்றப்பத்திரிகை. மூன்றாவது வரியில் சண்டைக்கு வழியில்லை, ஆனால் பயனும் இல்லை. மரியாதை கிடைத்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது?

இந்த மாதிரி வரியை உடைக்க ஒரு கேள்வி போதும்: “அடுத்த திங்கட்கிழமை எதைப் பார்த்தால் மரியாதை இருக்கிறது என்று சொல்வீர்கள்?” பதில் வரும்போது அது செயலாக மாறியிருக்கும். அப்படி மாற்றி எழுதினால் பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘பட்டியல் கைமாறும் நேரம், பிழைகளைத் தெரிவிக்கும் முறை, வாக்குவாதம் வந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றைப் பற்றி இருவரும் பேசி, கீழ்க்கண்டவற்றுக்கு உடன்பட்டனர்.

ஒவ்வொரு மாதமும் 24ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்குள் தயாரிப்பவர் பட்டியலைப் பொதுக் கோப்புறையில் வைப்பார். முடியாது என்று தெரிந்தால் அன்று நண்பகல் 12 மணிக்குள் சரிபார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, புதிய நேரத்தைச் சொல்வார்.

சரிபார்ப்பவர் பிழைகளைக் கோப்பின் குறிப்புப் பத்தியில் எழுதி, தயாரிப்பவருக்கு நேரடியாகத் தெரிவிப்பார். திருத்த 2 மணி நேரம் தரப்படும். அதன் பிறகும் தீராதது இருந்தால் இருவரும் சேர்ந்து மேலாளரிடம் போவார்கள்.

பேச்சு சூடானால், இருவரில் யாரும் “கொஞ்ச நேரம் கழித்துப் பேசலாம்” என்று சொல்லலாம். மற்றவர் அங்கேயே நிறுத்திக்கொள்வார். தள்ளிப்போட்டவரே அன்றைக்குள் திரும்பப் பேச அழைப்பார்.’

கடைசி வரியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். திரும்ப அழைக்கும் பொறுப்பு யாருடையது என்று எழுதாவிட்டால், ‘கழித்துப் பேசலாம்’ என்பது பேச்சைத் துண்டிக்கும் வழியாகிவிடும். ‘நிறுத்திக்கொள்வார்’ என்ற சொல் இங்கே வந்தாலும் உறுத்தாது, ஏனென்றால் அது இருவருக்கும் பொது. அதேபோல் ‘முடியாது என்று தெரிந்தால்’ என்ற வரியும் சலுகை அல்ல. தாமதம் எப்படியும் ஒரு மாதம் வரத்தான் போகிறது. அதற்கு வழி எழுதாத ஒப்பந்தம் அந்த மாதமே உடைந்ததாகக் கருதப்படும்.

ஒருவருக்கு நான்கு கடமை, மற்றவருக்கு ஒன்று என்று வந்தால் எண்ணிக்கையே தீர்ப்பாகத் தெரியும். அதற்காகச் சமன்படுத்த இல்லாத கடமையைக் கண்டுபிடிக்கக் கூடாது, அது இன்னும் மோசம். ஒவ்வொரு கடமைக்கும் எதிரில் மற்றவர் என்ன செய்தால் அது எளிதாகும் என்று கேட்டால், உண்மையான பங்கு தானாகவே வரும். மொத்தம் ஐந்தாறு வரிகளுக்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது.

மன்னிப்புக் கேட்டிருந்தால் அதை எழுத வேண்டாம். வாய்ச்சொல்லாக இருக்கும்வரை அது மன்னிப்பு, தாளில் ஏறினால் வாக்குமூலம். தனிச் சந்திப்பில் ஒருவர் சொன்னதும் அவர் அனுமதியின்றி இங்கே வரக் கூடாது. ‘ஊழியர்களின் வருகைப்பதிவு விவரங்களை மேலாளர் 20ஆம் தேதிக்குள் தருவார்’ போன்ற வரியையும் அப்படியே எழுத முடியாது, அந்த அறையில் இல்லாதவரை அந்த இருவரும் கட்டுப்படுத்த முடியாதே. ‘விவரங்களை முன்கூட்டித் தரும்படி இருவரும் சேர்ந்து மேலாளரிடம் கேட்பார்கள்’ என்பது சரி.

வரைவை மறுநாளைக்கு விடாமல், அறையிலேயே அவர்களுடைய சொற்களில் எழுதி வாய்விட்டுப் படித்துக் காட்டுவது நல்லது. படிக்கும்போது ஒருவர் முகம் சுருங்கினால், அல்லது இன்னொருவர் திருப்தியாகத் தலையாட்டினால், அந்த வரியில் பழி ஒளிந்திருக்கிறது. இடம் மாற்றிப் பார்த்தால் உறுதிப்படும்: அதே வரியைத் தன்னைப் பற்றி எழுதியிருந்தால் மற்றவர் கையெழுத்திடுவாரா?

பிரதி இருவரிடமும் இருக்கும். மத்தியஸ்தர் ஒன்று வைத்துக்கொள்வாரா, மேலாளருக்குப் போகுமா என்பதை இருவரிடமும் கேட்டு அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். ஊழியரின் பணிக்கோப்பில் சேர்ந்தால் அது நடத்தைக் குறிப்பாகவே படிக்கப்படும்.

மறுபார்வைத் தேதியைப் பழக்கத்தில் ‘மூன்று வாரம்’ என்று போட்டுவிடுகிறார்கள். இந்த வழக்கில் அது வீண், மூன்று வாரத்துக்குள் ஒரு சம்பளச் சுற்றுகூட வராமல் போகலாம். இரண்டு சுற்று முடிந்த பிறகு வைத்தால்தான் பேச விஷயம் இருக்கும். அப்போதும் ‘யார் மீறினார்’ என்று தொடங்காமல், ஒவ்வொரு வரியும் எத்தனை தடவை நடந்தது, நடக்காதபோது எது குறுக்கே வந்தது என்று கேட்க வேண்டும். இடையில் ஏதாவது தவறினால், இரண்டு வேலை நாட்களுக்குள் முதலில் ஒருவருக்கொருவர் நேரில் சொல்ல வேண்டும் என்ற வரி பதிவில் இருக்கட்டும். அது இல்லையென்றால் ஒருவர் சத்தமில்லாமல் தேதி போட்டுக் கணக்கு எழுத ஆரம்பிப்பார். மறுபார்வைக்கு யாராவது தவறுகளை அச்சிட்ட பட்டியலோடு வந்தால், ஒப்பந்தம் ஆயுதமாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது பட்டியலை மேசையில் விரிக்காமல், அதில் கடைசியாக நடந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பேசச் சொல்வது வழி.

மிரட்டல், பாலியல் தொல்லை, சாதி அல்லது மத அடிப்படையிலான ஒதுக்கல் என்று ஒரு சொல் பேச்சில் வந்தால் பேனாவை வைத்துவிட வேண்டும். பழி சுமத்தாத பதிவு அங்கே பாதிக்கப்பட்டவரின் புகாரை மூடும் உறையாகிவிடும். அது முறையான விசாரணைக்குப் போக வேண்டியது. அதுவரை எழுதிய வரைவில் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது.