நாலாயிரம் ரிங்கிட் யாருடைய சம்பளம்?

புக்கிட் மெர்தாஜத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. அவருடைய மகன் பிறை தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருக்கிறார். "எங்கள் தொழிலாளர்களின் சராசரிச் சம்பளம் நாலாயிரம் ரிங்கிட்" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வேலைக் கடிதத்தில் இருந்ததோ 2,200 ரிங்கிட். "என் மகனை மட்டும் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்களா, அல்லது அவர்கள் சொன்னது பொய்யா?" என்று அம்மா கேட்கிறார். இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம் என்பதுதான் இந்தக் கேள்வியை விரிவாக எடுத்துக்கொள்ளத் தூண்டியது.

சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. 'சராசரி மனிதர்' என்றால் நம்மைப் போன்ற ஒருவர், கூட்டத்தின் நடுவில் நிற்பவர் என்று தமிழில் பொருள்கொள்கிறோம். கணக்கில் சராசரி என்பது எல்லாச் சம்பளத்தையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் கிடைக்கும் எண் மட்டுமே. அந்த எண்ணைச் சம்பளமாகப் பெறுபவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். இடைநிலைப் பள்ளியில் மின், மெடியன், மோட் என்று மலாயில் படித்த மூன்றையும் இங்கே கூட்டுச்சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று குறிப்பிடுகிறேன். வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் வருவது இடைநிலை அளவு. அதிகமான பேருக்குப் பொதுவாக அமைவது முகடு.

எண்ணிப் பார்க்க வசதியாகப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மாதச் சம்பளங்கள் ரிங்கிட்டில் இப்படி இருக்கட்டும்: 1,700 பெறுபவர்கள் நான்கு பேர், அதன் பிறகு 1,850, 2,000, 2,200, 2,300, 2,450, 2,600, 2,900, 3,400, 4,200, 7,500, கடைசியாக நிர்வாக இயக்குநருக்கு 21,800. மொத்தம் 60,000. பதினைந்தால் வகுத்தால் சரியாக 4,000. ஆகவே 'சராசரிச் சம்பளம் நாலாயிரம்' என்று அந்த நிறுவனம் சொன்னால் கணக்கில் பிழை கிடையாது. ஆனால் பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் அந்தச் சராசரிக்குக் கீழே இருக்கிறார்கள். எட்டாவது இடத்தில் நிற்பவரின் சம்பளமாகிய இடைநிலை அளவு 2,300 ரிங்கிட்தான்.

சம்பளப் பட்டியல்கள் இப்படி ஒரு பக்கம் சாய்ந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. கீழே சட்டம் ஒரு தரையைப் போட்டிருக்கிறது. மேலே கூரை கிடையாது. மேலும் சம்பள உயர்வு பெரும்பாலும் விழுக்காட்டில் தரப்படுவதால், ஐந்து விழுக்காடு என்றால் 1,700 பெறுபவருக்கு 85 ரிங்கிட்டும் 21,800 பெறுபவருக்கு 1,090 ரிங்கிட்டும் கூடுகின்றன. ஒரே விழுக்காடாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு உயர்சம்பளக்காரர்கள் நிற்கும் வலப்பக்க வால் நீண்டுகொண்டே போகும்.

இனி என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து பாயான் லெப்பாசுக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்தை அறியாதவர் இந்தப் பக்கம் குறைவு. ஒரு நேர்ச்சாலையில் நம் பதினைந்து பேரின் வீடுகளும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் ஒரு ரிங்கிட் என்பது சாலையில் ஒரு மீட்டர். அப்படியானால் 1,700 பெறுபவரின் வீடு சாலை தொடங்கும் முச்சந்தியிலிருந்து 1,700 மீட்டரில் இருக்கும். இயக்குநரின் வீடு ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு அப்பால். பேருந்து ஒரே ஓர் இடத்தில்தான் நிற்கும். எல்லோரும் நடக்கும் தூரத்தைக் கூட்டினால் அது மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றால் நிறுத்தத்தை எங்கே வைப்பது?

முதலில் கூட்டுச்சராசரியாகிய 4,000 மீட்டரில் வைத்துப் பார்ப்போம். இடப்பக்கம் பன்னிரண்டு பேர், வலப்பக்கம் மூன்று பேர். நிறுத்தத்தை ஒரு மீட்டர் இடப்பக்கம் நகர்த்தினால் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு மீட்டர் மிச்சம். மூன்று பேருக்கு ஆளுக்கொரு மீட்டர் கூடுதல். மொத்தத்தில் ஒன்பது மீட்டர் லாபம். இன்னொரு மீட்டர் நகர்த்தினாலும் அதே லாபம். இப்படியே நகர்ந்துகொண்டு போகும்போது ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் ஒருவர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறுவதால் லாபம் குறைந்துகொண்டே வரும். 2,300இல் வந்து நின்றால் இருபுறமும் ஏழேழு பேர். இதற்கு மேலும் இடப்பக்கம் நகர்ந்தால் ஏழு பேருக்கு மிச்சம், எட்டுப் பேருக்கு நட்டம். அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். அந்த இடம் இடைநிலை அளவு. தூரத்தைக் கூட்டிப் பார்த்தால், நிறுத்தம் 4,000இல் இருந்தபோது பதினைந்து பேரும் நடந்தது 43 கிலோமீட்டர்; 2,300இல் வைத்தபின் 32 கிலோமீட்டர்.

இதில் கவனிக்க வேண்டியது, இயக்குநரின் வீடு எவ்வளவு தொலைவில் இருந்தது என்ற கேள்வியே முடிவைத் தீர்மானிக்கவில்லை என்பது. அவர் வலப்பக்கம் இருக்கிறார் என்பது மட்டுமே கணக்கில் வந்தது. அவர் 30 கிலோமீட்டருக்கு வீடு மாறினாலும் நிறுத்தம் அசையாது. இடைநிலை அளவில் ஆளுக்கு ஓர் ஓட்டு. கூட்டுச்சராசரி அப்படியல்ல, அது ஒரு கயிறு இழுக்கும் போட்டி. அதில் ஒவ்வொருவரும் தாம் எவ்வளவு தள்ளி நிற்கிறாரோ அவ்வளவு பலத்தோடு இழுக்கிறார். 4,000 என்ற இடத்தில் இடப்பக்கத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து இழுக்கும் பலம் 21,500. வலப்பக்கத்து மூவரின் பலமும் அதே 21,500. அதனால்தான் கயிறு அங்கே நிற்கிறது. அந்த வலப்பக்கப் பலத்தில் 17,800 இயக்குநர் ஒருவருடையது. அவர் தம் சம்பளத்தை 7,500 ரிங்கிட் உயர்த்திக்கொண்டால், வேறு எவருக்கும் ஒரு காசு கூடாமலேயே 'சராசரிச் சம்பளம்' 4,500 ஆகிவிடும்.

இது ஒரு சிறு நிறுவனத்தோடு முடியும் விளையாட்டு அல்ல. மலேசியப் புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் சம்பள ஆய்வறிக்கை வெளியிடுகிறது. அதில் கூட்டுச்சராசரியும் இடைநிலை அளவும் பக்கத்தில் பக்கத்தில் தரப்படுவதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2019இல் கூட்டுச்சராசரி 3,224 ரிங்கிட், இடைநிலை அளவு 2,442. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020இல் கூட்டுச்சராசரி 2,933 ஆனது. வீழ்ச்சி 9 விழுக்காடு. இடைநிலை அளவோ 2,062க்கு இறங்கியது, வீழ்ச்சி 15.6 விழுக்காடு. மேல்வரிசைச் சம்பளங்கள் ஓரளவு தாக்குப்பிடித்துக் கூட்டுச்சராசரியைத் தாங்கிப் பிடித்ததால்தான் இவ்வளவு வேறுபாடு. கூட்டுச்சராசரியை மட்டும் வெளியிட்டிருந்தால், வரிசையின் நடுவில் விழுந்த அடியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நம் கண்ணுக்கே தெரிந்திருக்காது. இத்தகைய ஆய்வுகளுக்கு ஒதுக்கப்படும் பணத்தில் எந்த அரசும் கைவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் முகடு? நம் பட்டியலில் முகடு 1,700. 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் அதுதான்; அதற்கு முன்பு 1,500. ஆகவே இந்த முகடு, தொழிலாளியின் நிலையைவிடச் சட்டத்தின் நிலையையே சொல்கிறது. சட்டம் மாறினால் மறுநாளே அதுவும் குதிக்கும். சம்பளங்களைத் தொகுதிகளாகப் பிரித்துத் தேடினாலோ தொகுதியின் அகலம் விடையை மாற்றிவிடுகிறது. ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்தால் 1,500 முதல் 1,999 வரையுள்ள தொகுதியில் ஐந்து பேர், அதுவே முகடு. ஆயிரம் ஆயிரமாகப் பிரித்தால் 2,000 முதல் 2,999 வரை ஆறு பேர் வந்துவிட, முகடு அங்கே நகர்ந்துவிடுகிறது. பட்டியல் ஒன்றே, பிரித்தவர் கைதான் வேறு.

எனவே வழக்கமான தொழிலாளி எங்கே நிற்கிறார் என்று கேட்டால் இடைநிலை அளவே நேர்மையான விடை. ஆனாலும் அதற்கும் எல்லை உண்டு. மாதச் சம்பளச் செலவு எவ்வளவு என்று கணக்காளர் கேட்டால் இடைநிலை அளவு உதவாது. 2,300ஐப் பதினைந்தால் பெருக்கினால் வருவது 34,500, உண்மைச் செலவோ 60,000. அங்கே கூட்டுச்சராசரிதான் வேண்டும். மேலும் இடைநிலை அளவு தனக்குக் கீழே இருப்பவர்களுக்கு நேர்வதை உணராது. 1,850 பெறுபவருக்கும் 2,000 பெறுபவருக்கும் நூறு நூறு ரிங்கிட் குறைத்தாலும் அது 2,300லேயே இருக்கும். அதனால்தான் வரிசையின் நடுப்பாதிப் பேர் எந்த எல்லைக்குள் இருக்கிறார்கள் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். நம் நிறுவனத்தில் அது 1,700 முதல் 3,400 வரை.

இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. அந்த நிறுவனம் 1,700 பெறும் நால்வரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, அவர்களின் வேலையைக் குத்தகைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டது என்று வையுங்கள். மிஞ்சிய பதினொரு பேரில் ஆறாவது இடத்தில் இருப்பவர் 2,600 பெறுகிறார். ஒருவருக்கும் சம்பளம் உயரவில்லை. நான்கு குடும்பங்கள் வருமானத்தை இழந்தன. இடைநிலை அளவு மட்டும் 300 ரிங்கிட் ஏறிவிட்டது. கூட்டுச்சராசரியும் கூடவே 4,836க்கு ஏறும். எந்த அளவைச் சொன்னாலும், யார் யாரை எண்ணினார்கள் என்று கேட்காமல் அதை நம்ப முடியாது. பெயர்ப்பட்டியலிலிருந்து விடுபட்டவர்கள் கணக்கிலிருந்தும் விடுபட்டுவிடுகிறார்கள்.

ஆகவே அம்மா, உங்கள் மகனுக்குக் கொடுத்த 2,200 குறைவா என்பதை அந்த நாலாயிரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. நம் கற்பனை நிறுவனத்தில் 2,200 பெறுபவர் நட்டநடுவில் நிற்பவருக்கு அடுத்த இடத்தில், நூறு ரிங்கிட் மட்டுமே கீழே நிற்கிறார். அடுத்த முறை அவர் மனிதவளப் பிரிவோடு பேசும்போது, தாம் செய்யப்போகும் அதே வேலையில் இருப்பவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, அது அடிப்படைச் சம்பளமா, ஓவர்டைம் சேர்த்ததா, குத்தகைத் தொழிலாளர்களும் அந்தக் கணக்கில் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள்.