அப்பப்போ ஃபெயில் ஆகுற டெஸ்ட்டை என்ன பண்றது

50 தடவ ஓடினா ஒரு தடவ மட்டும் சிவப்பாகுற டெஸ்ட் எங்க டீம்ல ஒண்ணு இருந்துச்சு, ஆர்டர் போட்டா பின்னாடி ஓடுற வொர்க்கர் ஒரு இன்வாய்ஸ் போடுதான்னு பாக்குற டெஸ்ட். சிவப்பு வந்தா யாராவது ரீ-ரன் அழுத்துவாங்க, பச்சையாயிடும், அவ்ளோதான். மாசக்கணக்கா இப்படியே ஓடுச்சு.

ஒருநாள் ஃபெயிலான லாக் எல்லாத்தையும் எடுத்து வரிசையா படிச்சோம். எல்லாம் ஒரே ஃபெயிலியர்னுதான் நெனச்சிருந்தோம், ஆனா ரெண்டு வகை இருந்துச்சு. நெறைய இடத்துல "1 இன்வாய்ஸ் வரணும், 0 வந்துச்சு". சில இடத்துல மட்டும் "2 வந்துச்சு".

0 வந்ததுக்குக் காரணம் டெஸ்ட்தான். `time.sleep(2)` போட்டுட்டு உடனே எண்ணுது, சிஐ மெஷின் பிசியா இருந்தா வொர்க்கருக்கு ரெண்டு செகண்டுக்கு மேல ஆயிடுது. இது சரிபண்ற கேஸ், தூங்குறதுக்குப் பதிலா வர்ற வரைக்கும் காத்திருக்கணும்:

```python
wait_until(lambda: invoice_count(order_id) == 1, timeout=10)
```

ஆனா 2 வந்தது டெஸ்ட்டோட தப்பே இல்ல. ஒரே மெசேஜ் வொர்க்கருக்கு ரெண்டு தடவ போயிருக்கு, கஸ்டமருக்கு ரெண்டு பில். மேல இருக்குற ஃபிக்ஸ மட்டும் போட்டிருந்தா முதல் இன்வாய்ஸ் வந்த உடனே டெஸ்ட் பாஸாகி கிளம்பியிருக்கும், ரெண்டாவது வந்தது யாருக்குமே தெரிஞ்சிருக்காது. அதனால கோடை மாத்திட்டு தனியா ஒரு டெஸ்ட் எழுதினோம், அதே மெசேஜை வேணும்னே ரெண்டு தடவ வொர்க்கர் ஃபங்ஷனுக்குக் குடுத்து இன்வாய்ஸ் ஒண்ணுதானான்னு பாக்குறது. இதுல காத்திருக்குற வேலையே இல்ல.

சரியாயிடுச்சான்னு எப்படித் தெரியும்? 50 தடவ ஓட்டி எல்லாம் பச்சைன்னு சந்தோஷப்படக் கூடாது. 2% ஃபெயில் ஆகுற டெஸ்ட்டை தொடாம விட்டாலே 50 தடவ தொடர்ந்து பாஸாக 36% வாய்ப்பு இருக்கு (0.98^50). 150 தடவ ஓட்டினாதான் அது 5%க்குக் கீழ வரும். இரவு லூப்ல போட்டு விடுங்க.

காரணம் கண்டுபிடிக்க ரெண்டு மூணு நாள் ஆகும், அதுவரைக்கும் மத்தவங்க மெர்ஜ் நிக்குதுன்னா அப்பதான் குவாரன்டைன். டெஸ்ட் ஓடணும், லாக் சேரணும், மெர்ஜை மட்டும் தடுக்கக் கூடாது. ஓடாம ஸ்கிப் பண்ணிட்டா படிக்கிறதுக்கு லாக்கே இருக்காது, அது குவாரன்டைன் இல்ல, சத்தமில்லாம தூக்கிப் போடுறது. ஆள் பேரும் கடைசி தேதியும் இல்லாம உள்ள போன டெஸ்ட் வெளிய வந்து நான் பாத்ததில்ல.

டெலிட் பண்ண எனக்கு ரெண்டு கேள்வி போதும், இது சிவப்பானதால யாராவது எப்பவாவது கோடை மாத்தியிருக்காங்களா, இது பாக்குற விஷயத்த வேற சின்ன டெஸ்ட் பாக்குதா. எங்ககிட்ட பிரவுசர் திறந்து லாகின் பண்ணி ஆர்டர் போட்டு கடைசில மொத்தத் தொகைய மட்டும் சரிபாக்குற டெஸ்ட் ஒண்ணு இருந்துச்சு, லாகின், ஆர்டர், கூட்டல் மூணுக்கும் தனித்தனி டெஸ்ட் ஏற்கனவே இருக்கு, சிவப்பானப்பல்லாம் நடந்தது வெறும் ரீ-ரன்தான். அத அன்னிக்கே தூக்கிட்டோம்.