நீர்ப்பூட்டுக்கு இப்பக்கம் பிறக்கும் நாற்றம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகி ஒருவர் சில வாரங்களாகத் தம்மை வருத்திவரும் தொல்லையை எழுதிக் கேட்டிருந்தார். சமையலறை சிங்கில் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. காலையில் முதன்முதலாகக் குழாயைத் திறந்தவுடன் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று எழுந்து, சிறிது நேரத்தில் தணிந்துவிடுகிறது. ஆப்பச் சோடாவும் வினிகரும் ஊற்றியபோது நன்றாக நுரைத்தது, ஆனால் பயனில்லை. ஆசிட் ஊற்றலாமா என்பது அவருடைய கேள்வி. ஊற்ற வேண்டாம் என்பதே என் பதில். அந்த நாற்றம் எழும் நேரமே அது எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சிங்கின் அடியில் குடுவை போலத் தொங்கும் பகுதியை பிளம்பர்கள் பாட்டில் ட்ராப் என்பார்கள். சிங்கிலிருந்து இறங்கும் குழாய் அந்தக் குடுவைக்குள் ஆழமாக நீண்டிருக்கும். வெளியேறும் குழாயோ குடுவையின் மேற்பக்கவாட்டில் இருக்கும். ஆகவே தண்ணீர் கீழே போய், மீண்டும் மேலே ஏறித்தான் சுவருக்குள் செல்ல முடியும். எல்லாம் வடிந்த பிறகும் சுமார் 5 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் அங்கே தங்கி நிற்கும். அந்தத் தண்ணீரே கதவு. 1775ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் கம்மிங், வளைந்த குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும்படி கழிப்பறையை அமைத்து அதற்குக் காப்புரிமை பெற்றார். சாக்கடை வாயுவைத் தடுக்க இன்றுவரை நாம் நம்பியிருப்பது அதே கருத்தைத்தான். 5 செ.மீ. தண்ணீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்குதான். என்றாலும் வீட்டுச் சாக்கடைக் குழாயில் எழும் சிறு அழுத்த மாற்றங்களைத் தாங்க அதுவே போதும்.

ஆனால் இந்த நீர்ப்பூட்டு தனக்கு அப்பாலிருந்து வரும் வாயுவை மட்டுமே தடுக்கும். பூட்டாக நிற்கும் தண்ணீரிலேயே வாயு உண்டானால், அது நம் பக்கமும் வெளியேறும். வாசகியின் வீட்டில் நடப்பது அதுதான்.

என் வீட்டு ட்ராப்பைச் சென்ற மாதம் கழற்றியபோது இதைக் கண்ணாலேயே பார்த்தேன். குடுவையின் அடியில் தேயிலைத் தூளும், நான்கைந்து கடுகும், ஒரு கறிவேப்பிலைக் காம்பும், பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரின் சுருளும் எண்ணெய்ப் பசையால் ஒட்டிக் கட்டியாகியிருந்தன. உட்சுவரில் ஒரு வழவழப்பான படலம் படிந்திருந்தது. மேலே சாம்பல் நிறம், பழைய பல்துலக்கியால் கீறியவுடன் உள்ளே கன்னங்கரேல் என்ற கறுப்பு. அந்தக் கறுப்பை ஒரு தாளில் தடவிக் காற்றில் வைத்திருந்தேன். மறுநாள் அது மங்கிப் பழுப்பாகியிருந்தது.

அந்த இரு நிறங்களில்தான் முழுக் கதையும் இருக்கிறது. படலத்தின் மேலடுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தாமே உண்டு தீர்த்துவிடுகின்றன. அதனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே ஆக்சிஜன் அற்ற உலகம் தொடங்கிவிடுகிறது. அங்கு வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைப் போலத் தண்ணீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்திச் சுவாசித்து, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடுகின்றன. பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்திலுள்ள கந்தகமும் அழுகும்போது அதே வாயுவாகிறது. அதில் ஒரு பகுதி தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகப் படிகிறது. நான் கண்ட கறுப்பு அதுதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தாக்கியதால்தான் தாளில் நிறம் மாறியது. பகலில் புதுத் தண்ணீர் அடிக்கடி வந்து ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. இரவில் ஏழெட்டு மணி நேரம் அசையாமல் நிற்கும் தண்ணீரில் வாயு சேர்ந்துகொண்டே போகிறது. காலையில் குழாயைத் திறந்தவுடன் அது கலங்கி வெளியேறுகிறது. இதற்கு மாறாக, சிங்கைப் பயன்படுத்தாத நேரத்திலும் நாற்றம் ஓயாமல் இருந்தாலோ, ஊருக்குப் போய்த் திரும்பியபோது மிகுந்திருந்தாலோ, நீர்ப்பூட்டே வற்றிவிட்டது என்று பொருள். அதற்கு ஒரு சொம்புத் தண்ணீரே மருந்து.

தண்ணீர் மெல்ல இறங்குவதற்கும் அந்தப் பசையே காரணம். பாக்டீரியாக்கள் எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கின்றன. உப்புத்தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரிலுள்ள கால்சியம் அவற்றோடு சேர்ந்து, கரையாத சோப்பாகக் குழாயின் சுவரில் மெழுகு போலப் படிகிறது. தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு வெந்நீரில் உருகும், இது உருகாது. ஆகவே இதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆப்பச் சோடாவும் வினிகரும் ஏன் உதவவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். ஒன்று காரம், மற்றொன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கரியமில வாயுவையும் கொழுப்பை அசைக்காத ஓர் உப்புக்கரைசலையும் தருகின்றன. சிங்கின் வாய் திறந்திருப்பதால் வாயு அடைப்பைத் தள்ளாமல் மேலே போய்விடுகிறது. நுரையை வேலையின் அடையாளமாகக் கருதும் இந்த நம்பிக்கை காணொளிகள் வழியே வீடுதோறும் பரவியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பள்ளி வேதியியலை ஒரு நிமிடம் நினைவுகூர்ந்தாலே இது தெரிந்துவிடும். ஆசிட் இன்னும் மோசமானது. சாதாரணத் தண்ணீரில் சல்ஃபைடின் ஒரு பகுதி கரைந்த அயனியாகவும், கறுப்புப் படிவாகவும் அடங்கியிருக்கிறது. அமிலம் பட்டவுடன் அது வாயுவாக வெளியேறி, நம் முகத்துக்கு நேரே வருகிறது. சமையலறையில் நாம் நுகரும் அளவு மிகச் சிறியது, மூக்கு அதை எளிதில் உணர்ந்துவிடுகிறது. ஆனால் பாதாளச் சாக்கடையில் இறங்கும் தொழிலாளர்களின் உயிரைப் பறிப்பதும் இதே வாயுதான்.

செய்ய வேண்டியது இதுதான். குழாயை மூடிவிட்டு, ட்ராப்புக்குக் கீழே ஒரு வாளியை வையுங்கள். ஏற்கெனவே அடைப்பு நீக்கும் காரப் பொடியோ ஆசிட்டோ ஊற்றியிருந்தால் கழற்ற வேண்டாம். அது குடுவைக்குள் காத்திருக்கும், கையையும் கண்ணையும் பொசுக்கிவிடும். இல்லையென்றால், ரப்பர் கையுறை அணிந்து, அடிக்குடுவையைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். வழுக்கினால் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். குடுவையை மட்டும் கழுவிவிட்டு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. உள்ளே தொங்கும் குழாயின் உட்புறத்தையும், சுவருக்குச் செல்லும் குழாயின் வாயையும் பாட்டில் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு லிட்டர் சூடான நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, குடுவையை அரை மணி நேரம் அதில் ஊறவைத்தால், எஞ்சிய கொழுப்பு அமிலம் கரையும் சோப்பாக மாறிக் கழன்றுவிடும். கொதிக்கும் நீர் வேண்டாம், பி.வி.சி. குழாய் இளகி நெளிந்துவிடும்.

மீண்டும் பொருத்தும்போது வாஷர் மடியாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கை வலுவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். கீழே ஒரு செய்தித்தாளை விரித்து, சிங்கில் தண்ணீரை நிரப்பி ஒரேயடியாக விடுங்கள். தாளில் ஈரப்பொட்டு தெரிந்தால் வாஷர் சரியாக அமரவில்லை. என் வீட்டில் ஐந்து லிட்டர் வடிய முன்பு மூன்று நிமிடம் ஆனது. பிறகு இருபது விநாடிக்குள் இறங்கியது. ட்ராப் சுத்தமாக இருந்தும் உங்கள் சிங்கில் வேகம் கூடவில்லையென்றால், அடைப்பு சுவருக்கு அப்பால் இருக்கிறது. வெளியே உள்ள சேம்பரின் மூடியைத் திறந்து, அங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பார்த்த பிறகு பிளம்பரை அழையுங்கள்.