தாய்லாந்துக்கு எப்படிப் பணம் கொண்டுபோவது: நோட்டு, ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்து கொச்சி நெடும்பாசேரி விமான நிலையம் வழியாகப் பாங்காக் போய்வருகிறவர்கள் இப்போது அதிகம். டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறைய ஒரு வாரம் காத்திருப்பவர்கள்கூட, பணத்தை எந்த வழியில் கொண்டுபோவது என்பதைக் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள். நானும் என் சொந்தக்காரர்களும் போய்வந்த பயணங்களின் வங்கிக் கணக்கு விவரங்களை எடுத்து வைத்துப் பார்த்தால், பணம் அதிகம் கரைந்திருப்பது ஏடிஎம் வாசலில்தான்.

அங்கே வெளிநாட்டு கார்டு போட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் அந்த ஊர் வங்கி தனிக் கட்டணம் பிடிக்கும். எங்களிடம் தாய்லாந்து நாணயத்தில் 220 பாட் பிடித்தார்கள். எடுக்கும் தொகை சின்னதோ பெரியதோ, கட்டணம் அதேதான். அதற்கு மேல், நாணயம் மாற்றித் தந்ததற்காக நம் வங்கி 3.5 சதவீதம் மார்க்கப் போட்டது. அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்ததும் 4.13 சதவீதம் ஆனது. இது போக, பணம் எடுத்ததற்காக நம் வங்கி 150 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடித்தது. அது 177 ரூபாய்.

கணக்கு எளிதாக இருக்க ஒரு பாட் 2.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பாட்டின் நேர் மதிப்பு 25,000 ரூபாய். டெபிட் கார்டில் ஒரே தடவையாக எடுத்தால் 10,220 பாட்டுக்கு 25,550 ரூபாய், மார்க்கப்பும் வரியும் 1,055, வங்கிக் கட்டணம் 177. மொத்தம் 26,782 ரூபாய், அதாவது 7 சதவீதம் கூடுதல். அதே பணத்தை 2,000 பாட் வீதம் ஐந்து தடவை எடுத்தால் 29,781 ரூபாய் ஆகிவிடும். கூடுதல் செலவு 4,781 ரூபாய். கிட்டத்தட்ட 19 சதவீதம். கையில் நிறைய வைத்திருக்கப் பயந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவர்களுக்கு நேர்வது இதுதான்.

நோட்டாக வாங்கினால்? பாலக்காட்டிலோ கோவையிலோ உள்ள மணி எக்ஸ்சேஞ்சில் பாட் 2.58 என்று கொடுத்தால் 25,800 ரூபாய், ஜிஎஸ்டி 46 ரூபாய். கூடுதல் 846 ரூபாய்தான். கடைக்காரர் ‘கமிஷன் இல்லை’ என்பார். அவருடைய லாபம் அந்த 2.58-க்குள் இருக்கிறது. அதனால் ரேட்டை மட்டும் கேட்காமல், “பத்தாயிரம் பாட்டுக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு கட்டணும்?” என்று இரண்டு மூன்று கடைகளில் போனில் கேளுங்கள். பாட் ரேட் சரியில்லை என்றால் 100 டாலர் நோட்டாக வாங்கிப் போய்ப் பாங்காக் நகருக்குள் மாற்றலாம். பெரிய நோட்டுக்கு அங்கே நல்ல ரேட் கிடைக்கும், விமான நிலையக் கவுன்டரில் பெரும்பாலும் கிடைக்காது.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 டாலர் மதிப்பு வரைதான் நோட்டாக வாங்க முடியும். ஒரு சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ரூபாய் நோட்டாகக் கொடுத்து வாங்குவது 50,000 ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் காசோலையோ வங்கிக் கணக்கிலிருந்து மாற்றுவதோதான். மூன்று வழியிலும் செலவாகும் தொகை ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் என்ற எல்லைக்குள் வரும். 2025 ஏப்ரல் முதல், இப்படி வாங்கும் பணத்துக்கு ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கும் வரி கிடையாது, ஆகவே சாதாரணக் குடும்பப் பயணத்துக்குப் பணம் வாங்கும்போது அந்தக் கவலை வேண்டாம்.

வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, எந்த நாணயத்தை ஏற்றுகிறோம் என்பது. பாட் ஏற்றிய கார்டைத் தாய்லாந்துக் கடையில் தேய்த்தால் மார்க்கப் இல்லை, ஏற்றிய அன்றைய ரேட்டோடு முடிந்தது. டாலர் மட்டும் ஏற்றிய கார்டைத் தேய்த்தால் டாலரிலிருந்து பாட்டுக்கு மாற்ற இன்னொரு மார்க்கப் விழும், பல கார்டுகளில் அதுவும் 3.5 சதவீதம் வரை. ரூபாயை டாலராக்கியபோது ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு அடி. டெபிட் கார்டே தேவலை என்றாகிவிடும். ஏடிஎம்மில் போட்டால் அந்த ஊர் வங்கியின் தனிக் கட்டணம் இதற்கும் உண்டு. வாங்கும்போது ‘பாட் ஏற்ற முடியுமா, வேறு நாணயத்தில் செலவழித்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்’ என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஏடிஎம் திரையில் பணம் வருவதற்கு முன்பு ஒரு பக்கம் வரும். ரூபாயில் இவ்வளவு என்று தொகையைக் காட்டி, சம்மதமா என்று கேட்கும். பார்க்கத் தெளிவாக இருப்பதால் கை தானாக சம்மதத்துக்குப் போகும். அந்த ரேட்டை அங்குள்ள வங்கியே போடுகிறது, பெரும்பாலும் மோசமான ரேட். `Decline Conversion` அல்லது `Without Conversion` என்பதைத் தொடுங்கள்; பணம் அப்போதும் வரும். கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா பாட்டா என்று கேட்டால் பாட் என்றே சொல்லுங்கள்.

என் ஏற்பாடு இது. சாப்பாடு, டாக்ஸி, சந்தைக்கு வேண்டியதை நோட்டாகக் கொண்டுபோவேன். ஹோட்டலுக்கும் பெரிய கடைகளுக்கும் பாட் ஏற்றிய கார்டு. டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே ஆப்பில் திறந்து வைத்துவிட்டு, அவசரத்துக்கு மட்டும், அதுவும் ஒரே தடவையாகப் பெரிய தொகை எடுப்பேன். மிஞ்சிய நோட்டில் 2,000 டாலர் மதிப்பு வரை வீட்டில் வைத்திருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் திரும்பி வந்த 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.