இதயத்தில் துளை இருக்கிறது, சரி. பக்கவாதம் அந்த வழியாகத்தான் வந்ததா?

அவருக்கு 36 வயது. பதினோரு மணி நேர விமானப் பயணம், ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் இருவர் தூங்கிக்கொண்டிருந்ததால் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை, கனமான பெட்டி ஒன்றை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி அலமாரி மேல் வைத்திருக்கிறார். அப்புறம் மனைவி ஏதோ கேட்க, பதில் சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. வலது கையிலிருந்த சாவிக்கொத்து நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவருக்கு விரல்கள் மடங்கவில்லை.

“களைப்பாக இருக்கும், படுங்கள்” என்று மனைவி சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கூட்டிவந்துவிட்டார். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; நேரம் தாராளமாக இருந்தது. மாலைக்குள் பேச்சு பெரும்பாலும் திரும்பியது. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இடது பக்கம், மேற்பரப்பை ஒட்டி, சிறிய ஆப்பு போல ஓரிடம் பளிச்சென்று தெரிந்தது.

மூன்றாம் நாள் நரம்பியல் மருத்துவர் இதய மருத்துவரான என்னை அழைத்தார். இரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை. கழுத்து இரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிவும் இல்லை, உள்சுவர் கிழிசலும் இல்லை. “இதயத்தில் ஏதாவது இருக்கிறதா, பாருங்கள்” என்றார்.

பார்த்தோம், இருந்தது. ஆனால் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். எக்கோ என்ற இதய ஸ்கேன் அறிக்கையில் ‘துளை’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் குடும்பமே அழ ஆரம்பித்துவிடுகிறது. சில மருத்துவர்கள் உடனே அடைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம்தான்.

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. பிராணவாயு நிறைந்த இரத்தம் நஞ்சுக்கொடி வழியே இதயத்தின் வலது மேலறைக்கு வந்து, அங்கிருந்து நேராக இடது மேலறைக்குப் போய்விடும். அதற்காக இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவரில் உள்ள வழிதான் ஃபொராமென் ஓவேல். பிறந்து முதல் மூச்சு விட்டதும் இடப்பக்க அழுத்தம் ஏறி, சுவரின் மெல்லிய மடல் வழியின் மேல் அழுந்தி மூடிக்கொள்ளும். பிறகு மெல்ல ஒட்டியும்விடும். பெரியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மட்டும் மடல் மூடியிருந்தும் ஒட்டியிருக்காது. பேட்டன்ட் ஃபொராமென் ஓவேல், சுருக்கமாகப் பி.எஃப்.ஓ., என்பது இதுதான். வட்டமான ஓட்டை என்று கற்பனை செய்ய வேண்டாம். தாழ்ப்பாள் போடாமல் சாத்திய கதவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க அழுத்தம் எப்போதும் சற்று அதிகமாக இருப்பதால் கதவு சாத்தியே கிடக்கும். பலர் இது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

கதவு திறக்கும் தருணங்களும் உண்டு. முக்கும்போது, இருமும்போது, கனமான பொருளைத் தூக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் தடைபட்டு நிற்கும். மூச்சை விட்டதும் அது மொத்தமாக வலது மேலறைக்குள் பாயும். அந்தச் சில துடிப்புகளுக்கு வலப்பக்க அழுத்தம் இடப்பக்கத்தை மிஞ்சிவிடும். காலிலோ இடுப்பிலோ உறைந்த சின்ன இரத்தக்கட்டி ஒன்று சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால், நுரையீரலுக்குப் போய் வடிகட்டப்பட வேண்டியது கதவைத் தாண்டி இடப்பக்கம் போய்விடும். அங்கிருந்து மூளைக்கு நேர்வழி. அசையாத பதினோரு மணி நேரம், பிறகு அந்தப் பெட்டி என்று இவர் கதை கச்சிதமாகப் பொருந்தியது. கச்சிதமாகப் பொருந்தும் கதை என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். அதனால் சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

சாதாரண எக்கோவில் பி.எஃப்.ஓ. பெரும்பாலும் தெரியாது. குமிழிச் சோதனை வேண்டும். ஒரு சிரிஞ்சில் 9 மில்லி உப்புநீர், 1 மில்லி காற்று. அதை இன்னொரு சிரிஞ்சோடு இணைத்து, அங்குமிங்கும் வேகமாகத் தள்ளித் தள்ளி நுரைக்கவைத்து, கைச் சிரையில் ஏற்றுவோம். வலது மேலறை திரையில் பனி பெய்வதுபோல் வெளுக்கும். அந்த நுண்குமிழிகள் நுரையீரலைத் தாண்டாது. எனவே வலது அறை நிறைந்த மூன்று துடிப்புகளுக்குள் இடது அறையில் குமிழி தெரிந்தால் அது மடல் வழியே வந்தது. நிறையத் துடிப்புகள் கழித்து வந்தால் நுரையீரலிலேயே வேறு குறுக்குவழி இருக்கலாம். அது தனி நோய்.

சோதனை கோட்டைவிடுவது பெரும்பாலும் முக்கும் இடத்தில்தான். மருந்து கொடுத்து அரைத்தூக்கத்தில் வைத்து உணவுக்குழாய் வழி எக்கோ செய்யும்போது, “முக்குங்கள்” என்றால் நோயாளி தலையை மட்டும் ஆட்டுவார். ‘பி.எஃப்.ஓ. இல்லை’ என்று அறிக்கை வந்துவிடும். மூச்சை விட்டதும் நடுச்சுவர் ஒரு கணம் இடப்பக்கம் புடைக்க வேண்டும். அது தெரியாவிட்டால் முக்கல் போதவில்லை என்று பொருள். திரும்பச் செய்ய வேண்டும். இவருக்கு முதல் தடவை நாலைந்து குமிழிதான் வந்தது. வயிற்றில் கைவைத்து, அதை எதிர்த்துத் தள்ளச் சொல்லி மறுபடி செய்ததில் எண்ண முடியாத அளவுக்கு வந்தது. 20-க்கு மேல் போனாலே பெரிய கசிவு என்று கணக்கு. நடுச்சுவரும் தொளதொளவென்று இரண்டு பக்கமும் ஊசலாடியது. அப்படிப்பட்ட சுவர் கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அப்படியும் கேள்வி தீரவில்லை. நாலில் ஒருவருக்கு இருக்கும் ஒன்று, வேறு காரணத்தால் பக்கவாதம் வந்த நாலில் ஒருவரிடமும் தற்செயலாக இருக்கத்தானே செய்யும்? இதைப் பிரித்துப் பார்க்க ‘ரோப்’ என்ற மதிப்பெண் முறை உதவுகிறது. இரத்த அழுத்தம் இல்லாவிட்டால் 1, சர்க்கரை இல்லாவிட்டால் 1, முன்பு பக்கவாதம் வராவிட்டால் 1, புகைக்காவிட்டால் 1, பாதிப்பு மூளையின் மேற்பரப்பில் இருந்தால் 1. பிறகு வயது: 30 வயதுக்குள் இருந்தால் 5, அடுத்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்று குறையும். நம் ஆளுக்கு ஐந்தும் கிடைத்தது, வயதுக்கு 4, ஆக 9. 9, 10 மதிப்பெண்ணில், பி.எஃப்.ஓ.வே காரணமாக இருக்கும் வாய்ப்பு 88 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதே மாதத்தில் வந்த இன்னொருவரைச் சொல்கிறேன். 56 வயது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பல வருடமாக இருந்தன, புகைப்பழக்கமும் இருந்தது. மூளையின் ஆழத்தில் ஒரு சின்னப் புள்ளி அளவு பாதிப்பு. நுண்ணிய குழாய் அடைபடும்போது வருவது. குமிழிச் சோதனையில் இவருக்கும் பி.எஃப்.ஓ. இருந்தது. மதிப்பெண் போட்டால் வயதுக்கு 2, முன்பு பக்கவாதம் வராததற்கு 1, மொத்தம் 3. இந்த அளவில் அந்தக் கதவுக்கும் பக்கவாதத்துக்கும் சம்பந்தம் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். “துளை இருக்கும்போது ஏன் டாக்டர் விடுகிறீர்கள்?” என்று மகன் கோபப்பட்டார். அடைத்தால் அப்பாவுக்கு ஒரு கருவி கிடைக்கும், பாதுகாப்பு கிடைக்காது. மாத்திரையை நிறுத்தாமல் இருப்பதும் சிகரெட்டை விடுவதும்தான் அவரைக் காக்கும் என்றேன். அவர் திருப்தியாகப் போனதாகத் தெரியவில்லை.

அடைப்பதால் பயன் உண்டா என்று மருத்துவ உலகமே நெடுநாள் தடுமாறியது. 2012, 2013-இல் வந்த மூன்று ஆய்வுகளில் தெளிவான விடை கிடைக்கவில்லை. 2017-இல் வெளியானவை நிலைமையை மாற்றின. அவற்றில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் நடந்த ‘குளோஸ்’ ஆய்வில், பெரிய கசிவோ ஊசலாடும் சுவரோ உள்ளவர்களை மட்டும் சேர்த்தார்கள். சராசரியாக 5 ஆண்டுகளுக்கு மேல் பார்த்ததில், அடைத்த 238 பேரில் ஒருவருக்குக்கூடப் பக்கவாதம் திரும்பவில்லை; ஆஸ்பிரின் போன்ற மாத்திரை மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்குத் திரும்பியது. என்னைக் கேட்டால், பெரிய வித்தியாசம் கருவியில் இல்லை, ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான். எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது பலன் அடக்கமானது: மாத்திரை மட்டும் என்றால் ஆண்டுக்கு 100 பேரில் சுமார் ஒருவருக்குத் திரும்ப வரும், அடைத்தால் அது பாதியாகக் குறையும். 36 வயதுக்காரருக்கு இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கின்றன என்பதால்தான் அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு மதிப்பு.

அதனால்தான் பொதுவாக 18 முதல் 60 வயதுக்குள், பக்கவாதம் உறுதியாகி, வேறு காரணங்களைத் தேடியும் கிடைக்காதபோது, நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கிறோம். குறிப்பாக விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பைத் தேட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் மாட்டினால் போதாது, வாரக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும். இரத்தம் உறையும் நோய் இருந்து ஆயுள் முழுக்க அதற்கு மருந்து எடுக்க வேண்டியவர் என்றால், அடைப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும்.

இவருக்கு அடைத்தோம். நெஞ்சைத் திறக்கவில்லை. தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை விட்டு, மடலைத் தாண்டி, நைட்டினால் என்ற உலோகக்கலவைக் கம்பிவலையால் ஆன இரண்டு தட்டுகளைச் சுவரின் இருபுறமும் விரித்துக் கவ்வவைப்போம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, மறுநாள் வீட்டுக்குப் போனார். இரத்தம் உறையாமல் இருக்கச் சில மாதங்கள் இரண்டு மாத்திரை, பிறகு ஒன்று. கருவி மேல் உடலின் சொந்தத் திசு வளர்ந்து மூட அவகாசம் வேண்டும். முதல் ஆறு மாதத்தில் பல் பிடுங்குவது போன்ற வேலை இருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொன்னோம், கிருமி தொற்றாமல் இருக்க ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.

மூன்றாவது வாரம் நெஞ்சு படபடக்கிறது என்று போன் செய்தார். வரச் சொல்லி ஈ.சி.ஜி. எடுத்தால், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இது எதிர்பாராததல்ல, அடைத்தவர்களில் சுமார் 100-க்கு 5 பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் ஒன்றரை மாதத்துக்குள், பெரும்பாலும் தானே அடங்கும். இவருக்குச் சில வாரம் மருந்து தேவைப்பட்டது, பிறகு திரும்பவில்லை. ஆறாவது மாதக் குமிழிச் சோதனையில், நன்றாக முக்கியும், இடது அறை கறுப்பாகவே இருந்தது.

அன்று கூட வந்திருந்த அவருடைய தம்பி வெளியே போகும் முன் தயங்கி நின்றார். “டாக்டர், நானும் இந்தச் சோதனை செய்துகொள்ள வேண்டுமா?” பக்கவாதமே வராத ஒருவருக்கு இது இருந்தாலும் நாங்கள் அடைப்பதில்லை, அதனால் தேடவும் வேண்டாம் என்றேன். அண்ணனைக் காட்டி, “அவருக்கு மட்டும் குமிழி விட்டுப் பார்த்தீர்களே” என்று சிரித்தார்.