‘மாணவர் ஒத்துழைக்கவில்லை’ என்ற ஒற்றை வரியோடு முடியும் பிரதிபலிப்புக் குறிப்புகள்

கற்பித்தற் பயிற்சிக்காகக் கொழும்புப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரிய பயிலுனர்களின் கோவைகளை மேற்பார்வையாளராகப் படித்து வருகிறேன். முதன்முதலாகக் குழம்பிப்போன ஒரு பாடத்தைப் பற்றிய பிரதிபலிப்புக் குறிப்பு என்றால், அதன் மூன்று வாக்கியங்களை நான் பக்கத்தைத் திறக்கும் முன்னரே சொல்லிவிடலாம்: மாணவர் ஒத்துழைக்கவில்லை; நேர முகாமைத்துவம் போதவில்லை; அடுத்த முறை திறம்படச் செய்வேன். இந்தத் தவணையிலும் அதே வரிகளை, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை, வெவ்வேறு பாடங்களின் கீழ், வெவ்வேறு கையெழுத்துகளில் வாசித்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னை மிகவும் வருத்துவது ஒரு தவறான எண்ணமே. பிரதிபலிப்பு என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று பயிலுனர்கள் நம்புகிறார்கள். குற்றம் மாணவருடையது என்று எழுதினால் மேற்பார்வையாளர் கோபிப்பார், தம்முடையது என்று பணிவாக எழுதினால் புள்ளி கிடைக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ‘நான் இன்னும் பொறுமையாக இருந்திருக்க வேண்டும்’ என்ற வாக்கியம் அடக்கமாகத் தோன்றினாலும், மாணவரைக் குறைகூறும் வாக்கியத்தைப் போலவே அதுவும் வெறுமையானது. ஏனெனில் இரண்டிலிருந்தும் நாளைய பாடத்தில் எதை மாற்றுவது என்று அறிய வழியில்லை. யார் பிழை என்ற கேள்வியே குறிப்பேட்டுக்கு உரியதன்று. எந்த நிமிடத்தில், எந்தச் செயலுக்குப் பின், யாரிடத்தில், என்ன மாறியது என்பதே அதற்குரிய கேள்வி. உங்களை நீங்கள் திட்டிக்கொள்வதை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அண்மையில் வந்த ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம். ஆளும் பாடசாலையும் அடையாளம் தெரியாதவாறு விபரங்களைச் சற்று மாற்றியுள்ளேன். தரம் 7, கணிதம், 40 நிமிடப் பாடவேளை. பகுதியெண்கள் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுதல். பயிலுனர் பகுதியெண்களின் பொது மடங்குகளுட் சிறியதை, அதாவது பொ.ம.சி.யை, கண்டு கூட்டும் முறையைப் பலகையில் இரண்டு உதாரணங்களால் விளக்கி, ‘விளங்கியதா?’ என்று கேட்டார். ‘ஓம் மிஸ்’ என்று வகுப்பே சொன்னது. ஐந்து கணக்குகளை எழுதிப்போட்டார். சில நிமிடங்களில் எழுந்த இரைச்சல் அடங்கவே இல்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து அதட்ட வேண்டியதாயிற்று. பயிலுனரின் குறிப்பில், ‘இடைவேளைக்குப் பிந்திய பாடவேளை ஆதலால் மாணவர் கவனம் சிதறியது’ என்ற காரணமும் அதன்பின் மேலே சொன்ன மூன்று வரிகளும் இருந்தன.

அவரிடம் இரண்டு விடயங்களைக் கேட்டேன். முதலாவது, பாடத்திட்டத்தை எடுத்து, இரைச்சல் தொடங்கிய இடத்தில் ஒரு கோடு இடுமாறு கேட்டேன். அவர் கோடிட்டது கணக்குகளை எழுதிப்போட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே. அதற்கு முந்திய பதினைந்து நிமிடங்களும் வகுப்பு அமைதியாகவே இருந்தது என்பதை அவரே சொன்னார். அப்படியானால் இடைவேளை காரணமாக இருக்க முடியாது. இடைவேளையால் கலைந்த வகுப்பு தொடக்கத்திலேயே கலைந்திருக்கும்.

இரண்டாவதாக, அன்றைய அப்பியாசக் கொப்பிகளில் ஆறினைக் கேட்டு வாங்கிவரச் சொன்னேன். மூன்றில் முதற்கணக்குக்கு 1/2 + 1/3 = 2/5 என்று இருந்தது. ஒன்றில் கணக்குகள் மட்டும் பிரதி செய்யப்பட்டிருந்தன. மற்ற இரண்டிலும் ஐந்து விடைகளும் சரி. கூட்டச் சொன்னால் மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டுவது இந்த வயதில் நாம் திரும்பத் திரும்பக் காணும் பிழை. அந்த மூன்று பிள்ளைகளும் கணக்கைச் செய்திருக்கிறார்கள். பலகையில் கண்ட முறை அவர்களுக்குப் பொருளாகச் சேரவில்லை, அவ்வளவே. 2/5 என்பது தொடங்கிய 1/2 ஐயும் விடச் சிறியது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. நான்காவது பிள்ளை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்திருக்கிறது. முடித்த இருவருக்கோ அடுத்து ஒரு வேலையும் சொல்லப்படவில்லை. இரைச்சலின் பெரும்பகுதி, செய்ய வேலை இல்லாத இந்தக் கைகளிலிருந்து வந்திருக்கலாம். ‘கலாம்’ என்றுதான் நானும் எழுதினேன். ஆறு கொப்பிகளை வைத்து அதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே குறிப்பை மீண்டும் எழுதியபோது அடுத்த பாடத்துக்கான மாற்றம் தானாகவே வெளிவந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 சென்ரிமீற்றர் நீளமான ஒரு கடதாசிப் பட்டி. அதில் அரை 6 சென்ரிமீற்றர், மூன்றில் ஒன்று 4 சென்ரிமீற்றர், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 10. பன்னிரண்டில் பத்து என்பது 5/6. பலகையில் பொ.ம.சி. வருவதற்கு முன்னரே, ‘விடை அரையை விடப் பெரிதா, சிறிதா?’ என்று கேட்டு, ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதிக்கொள்வது. பின்பு ஐந்து கணக்குகளுக்குப் பதிலாக ஒன்று மட்டும். முடித்தவர் தாமே ஒரு கணக்கை ஆக்கி அடுத்தவருக்குக் கொடுப்பது. பயிலுனர் மூன்றாம் நிமிடத்தில் வரிசைகளுக்கு இடையே நடந்து, முதல் வரியை எழுதாதவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பது. இந்தக் கடைசி வரி இல்லாத குறிப்பை நான் முழுமையானதாகக் கொள்வதில்லை. மாற்றம் பலித்ததா என்பதை எதைக் கொண்டு அறிவீர்கள் என்று முன்கூட்டியே எழுதப்படாவிட்டால், அடுத்த குறிப்பும் ‘ஓரளவு வெற்றி’ என்ற சொல்லோடு முடிந்துவிடும்.

பிரதிபலிப்பு எழுதுவதற்கென்று கிரஹாம் கிப்ஸ் 1988 இல் வெளியிட்ட ஆறு படிச் சுழற்சியைப் பெரும்பாலானோர் தலைப்புகளாக எடுத்து, விபரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயற்றிட்டம் என்று ஆறு பெட்டிகளையும் ஒரே அளவில் நிரப்புகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. உணர்வுக்கு மூன்று நான்கு வரி போதும். ஆனால் அதை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் அச்சத்தில் குரல் உயர்ந்த நிமிடமும் பாடத்தில் நடந்த ஒரு நிகழ்வே. பக்கத்தின் பெரும்பகுதி விபரிப்புக்கும் பகுப்பாய்வுக்கும் உரியது. விபரிப்பில் ‘அடங்காத’, ‘சோம்பலான’ போன்ற அடைமொழிகளை வெட்டிவிடுங்கள். வெட்டியபின் என்ன மிஞ்சுகிறதோ அதுவே நீங்கள் உண்மையில் கண்டது. பகுப்பாய்வில் ஒரே காரணத்தோடு நிற்காமல் இரண்டை எழுதி, எந்தச் சான்று எதை விலக்குகிறது என்று பாருங்கள்.

தயவுசெய்து, அன்றே எழுதுங்கள். வீடு செல்லும் பேருந்தில் ஏறும் முன்னர், ஆசிரியர் ஓய்வறையிலேயே, நேரங்களையும் மாணவர் சொன்ன சொற்களையும் துண்டுக் குறிப்பாகவேனும் பாடத்திட்டத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஆறுதலாக எழுதுவதை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். கோவை ஒப்படைக்கும் முதல்நாள் இரவில் பத்துப் பாடங்களுக்கும் ஒரே பேனையால் எழுதப்பட்டவை எங்களுக்குத் தெரியாமல் போவதில்லை.

பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள். கோவை பல கைகளுக்குப் போகிறது. பொறுப்பாசிரியரைப் பற்றிய மனக்குறையை அங்கே கொட்டாதீர்கள், நேரில் பேசுங்கள். ஒரு பிள்ளை தனக்கு யாராவது தீங்கு செய்வதாக உங்களிடம் சொன்னால், அது பிரதிபலிப்புக்கு உரிய விடயமே அன்று. அன்றே அதிபரிடமோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ தெரிவியுங்கள்.

பொ.ம.சி. ஏன் தேவை என்பதை உங்களாலேயே ஒரு பிள்ளைக்கு விளக்க முடியவில்லை என்றால், அந்தக் குறையை எந்தக் குறிப்பேடும் தீர்க்காது. அதை ஒரு வரியில் எழுதிவிட்டு, ஆசிரியர் வழிகாட்டியையும் உங்கள் பாட விரிவுரையாளரையும் நாடுங்கள். குழம்பிய பாடத்தின் குறிப்பை மறைத்து நன்றாக நடந்ததை மட்டும் எனக்குக் காட்டாதீர்கள். மேற்பார்வைக்கு வரும் நாளில் நான் முதலில் புரட்டுவது அந்தக் குழம்பிய பாடத்தின் பக்கத்தையும், அதற்கு அடுத்த பாடத்திட்டத்தில் அதனால் என்ன மாறியிருக்கிறது என்பதையும்தான்.